இடிபாட்டுக்கு ஒரு பேரேடு

கட்டடக் கழிவு மேலாண்மைத் திட்டம் என்பது மூன்று கேள்விகளுக்கு வேலை தொடங்கும் முன்பே எழுதி வைக்கும் பதில். இந்த மனையிலிருந்து என்னென்ன கழிவு, எத்தனை டன் வெளிவரும்? ஒவ்வொன்றும் எங்கே போய்ச் சேரும்? அங்கேதான் போனது என்பதற்கு என்ன சான்று? முதல் கேள்விக்கு மதிப்பீடும், இரண்டாவதற்குத் தரம் பிரித்தலும் மறுபயன்பாட்டு இலக்குகளும், மூன்றாவதற்குப் பதிவேடும் பதில் சொல்கின்றன. மூன்றில் ஒன்று இல்லாவிட்டாலும் மற்ற இரண்டும் காகிதத்தோடு நின்றுவிடும்.

இந்தியாவில் இதற்கான சட்ட அடிப்படையை மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் 2016 மார்ச்சில் வெளியிட்ட கட்டுமான, இடிப்புக் கழிவு மேலாண்மை விதிகள் அமைத்தன. ஒரு நாளில் 20 டன்னோ, ஒரு மாதத்தில் 300 டன்னோ அதற்கு மேலோ கழிவு உண்டாக்குபவர், வேலை தொடங்கும் முன்பே திட்டம் எழுதி உள்ளாட்சி அமைப்பின் ஒப்புதலைப் பெற வேண்டும்; கான்கிரீட், மண், இரும்பும் மரமும் பிளாஸ்டிக்கும், செங்கல்லும் காரையும் என்று கழிவைப் பிரித்து வைக்கவும் வேண்டும் என்றன அந்த விதிகள். 2025 ஏப்ரலில் அறிவிக்கப்பட்ட புதிய விதிகள் 2026 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வருமாறு வகுக்கப்பட்டவை. 20,000 சதுர மீட்டரும் அதற்கு மேலும் கட்டப்பரப்புள்ள திட்டங்களின் மீது அவை மறுசுழற்சிப் பொறுப்பை நேரடியாகச் சுமத்துகின்றன. விதி மாறினாலும், மனையில் நடக்க வேண்டிய வேலையின் உள்ளடக்கம் பெரிதாக மாறவில்லை.

அந்த வேலையை ஒரு மாதிரித் திட்டத்தை வைத்துப் படிப்படியாகப் பார்க்கலாம். சென்னையில் எட்டு கிரவுண்டு மனை. அதில் 1,200 சதுர மீட்டர் பரப்புள்ள பழைய கட்டடம் நிற்கிறது. முன்பகுதி, சுண்ணாம்புக் காரையில் கட்டி மெட்ராஸ் டெரஸ் கூரை போட்ட 500 சதுர மீட்டர். பின்பகுதி, பிற்காலத்தில் சிமென்ட் காரையில் சுவர் எழுப்பிக் கான்கிரீட் தளம் போட்ட 700 சதுர மீட்டர். இரண்டையும் இடித்துவிட்டு, கீழே வாகன நிறுத்தத்துடன் 4,000 சதுர மீட்டரில் அடுக்குமாடிக் குடியிருப்பு கட்டப்போகிறார்கள்.

எத்தனை டன் வரும்?

மதிப்பீட்டின் தொடக்கப் புள்ளி, இந்தியாவில் நெடுங்காலமாகப் பயன்பட்டுவரும் டிஃபாக் அமைப்பின் அளவுகோல். புதிதாகக் கட்டும்போது ஒரு சதுர மீட்டருக்கு 40 முதல் 60 கிலோ கழிவு வரும். உறுதியான பழைய கட்டடத்தை இடிக்கும்போது ஒரு சதுர மீட்டருக்குச் சுமார் 500 கிலோ வரும். அதாவது, ஒரே பரப்பைக் கட்டும்போது சேரும் குப்பையைப் போலப் பத்து மடங்கு, அதை இடிக்கும்போது சேருகிறது.

இந்தக் கணக்கில் நமது மாதிரி மனையின் இடிப்பு 600 டன். கட்டுமானம், நடுத்தர அளவான 50 கிலோவை வைத்தால், 200 டன். இடிப்பு ஒன்றரை மாதத்தில் முடிந்துவிடும். கட்டுமானத்தின் 200 டன்னோ ஒன்றரை ஆண்டுக்கு மேல் சிறுகச் சிறுகச் சேரும். 2016 விதிகளின் 300 டன் வரம்பை இடிப்பு எளிதில் தாண்டுகிறது. கட்டுமானம் தனியாக வந்திருந்தால் எந்த மாதமும் அதை நெருங்கியிருக்காது. இரண்டும் வேறு வேறு விதமான கழிவு என்பதால் நல்ல திட்டம் இரண்டுக்கும் தனித்தனி அத்தியாயம் ஒதுக்கும்.

அளவுகோல் மொத்தத்தைத்தான் சொல்லும். வகைவாரியாகப் பிரிக்க, டேப்பும் நோட்டுமாகக் கட்டடத்தைச் சுற்றிவர வேண்டும். பின்பகுதியின் தளங்களையும் லிண்டல்களையும் அளந்தால் 75 கன மீட்டர் கான்கிரீட் தேறுகிறது. கன மீட்டருக்கு 2.4 டன் வீதம் அது 180 டன். சுவர்களிலிருந்து செங்கல்லும் காரையும் பூச்சுமாக 380 டன். தளக் கம்பியும் ஜன்னல் கிரில்லுமாக இரும்பு 9 டன். முன்பகுதியின் தேக்கு உத்தரங்களும் நிலை, கதவுகளும் 12 டன். தரை ஓடு, மொசைக், பீங்கான், கண்ணாடி, கொல்லைப்புறக் கொட்டகையின் ஆஸ்பெஸ்டாஸ் தகடு எல்லாம் சேர்ந்து 19 டன். கூட்டினால் அதே 600. அளந்து கண்ட தொகையும் அளவுகோல் தரும் தொகையும் வெகுதூரம் விலகினால், ஏதோ ஒரு சுவரோ தளமோ விட்டுப்போயிருக்கிறது என்று பொருள்.

இந்த நடையிலேயே வேறொரு வேலையும் முடிகிறது. ஆஸ்பெஸ்டாஸ் தகடு, பழைய பெயின்ட் டப்பா, டியூப்லைட் போன்றவை எங்கெங்கே இருக்கின்றன என்று குறித்துக்கொள்ளலாம். இவை சாதாரண இடிபாடு அல்ல. ஆஸ்பெஸ்டாஸ் தகட்டை உடைத்தால் கண்ணுக்குத் தெரியாத இழைகள் காற்றில் பறந்து நுரையீரலில் தங்கும். அதனால் மற்ற எதையும் தொடுவதற்கு முன்பே, நனைத்து, உடையாமல் கழற்றி, தடித்த பிளாஸ்டிக் உறையில் சுற்றி, அபாயக் கழிவு கையாள உரிமம் பெற்ற இடத்துக்கு அனுப்ப வேண்டும்.

பிரித்து வைப்பதில் என்ன லாபம்?

எல்லாவற்றையும் ஒரே குவியலாகக் கொட்டினால் என்ன நட்டம் என்ற கேள்விக்கு ஐ.எஸ். 383 என்ற இந்தியத் தரநிலை தெளிவான பதில் வைத்திருக்கிறது. கான்கிரீட்டில் போடும் ஜல்லிக்கும் மணலுக்குமான இந்தத் தரநிலை, 2016 திருத்தத்தில் மறுசுழற்சி ஜல்லிக்கும் இடம் கொடுத்தது. ஆனால் அதை இரண்டாகப் பிரித்தது. சுத்தமான கான்கிரீட்டை மட்டும் உடைத்து எடுத்த ஜல்லி ஒரு வகை. செங்கல், காரை, ஓடு எல்லாம் கலந்த இடிபாட்டை உடைத்து எடுத்தது இன்னொரு வகை.

முதல் வகையைக் கம்பியில்லாத கான்கிரீட்டில் 25 விழுக்காடு வரையும், எம்25 தரம் வரையிலான கம்பி கட்டிய கான்கிரீட்டில் 20 விழுக்காடு வரையும் சேர்க்கலாம். இரண்டாம் வகைக்கு அந்த இரண்டு இடங்களிலும் அனுமதியே இல்லை. அஸ்திவாரத்துக்குக் கீழே போடுவது போன்ற, எம்15-க்கும் குறைந்த மெலிந்த கலவையில் மட்டும் சேர்த்துக்கொள்ளலாம். காரணம் எளிது. செங்கல் துண்டு தண்ணீரை உறிஞ்சும், பலமும் குறைவு. சுத்தமான கான்கிரீட் ஜல்லியிலேயே பழைய காரை ஒட்டிக்கொண்டிருப்பதால், அதைக்கூட முன்கூட்டி நனைத்துத்தான் கலவையில் போடுகிறார்கள்.

ஆக, பின்பகுதியின் 180 டன் கான்கிரீட்டின் மேல் நாலு லோடு செங்கல் காரையைக் கொட்டிய நொடியில், வீட்டுத் தளத்துக்குப் போயிருக்கக்கூடிய பொருள் அஸ்திவாரக் குழிக்குரிய பொருளாகத் தாழ்ந்துவிடுகிறது. அதைப் பிறகு பிரித்தெடுக்க எந்த ஆலையிலும் மலிவான வழி இல்லை. கலப்பதற்கு ஒரு நிமிடம் போதும். அதனால்தான் பிரிப்பது இடிக்கும் இடத்திலேயே நடந்தாக வேண்டும்.

இதைவிடக் கெடுதல் செய்வது ஜிப்சம். பொய்க்கூரைப் பலகையும் ஜிப்சம் பூச்சும் இடிபாட்டில் கலந்தால், அதிலுள்ள சல்ஃபேட் புதிய கான்கிரீட்டுக்குள் சிமென்ட்டோடு வினைபுரிந்து உப்பும்; கான்கிரீட் விரிசல் விடும். கொஞ்சம் கலந்திருந்தாலும் ஆலைக்காரர் அந்த லோடைத் திருப்பி அனுப்பிவிடலாம். அதனால் ஜிப்சத்துக்கு எப்போதும் தனித் தொட்டி, மழை படாத இடத்தில்.

நகர மனையில் இத்தனை தொட்டிகளுக்கு இடம் ஏது என்பது நியாயமான கேள்வி. விடை வேலையின் வரிசையில் இருக்கிறது. எல்லா வகைக் கழிவும் ஒரே நாளில் வருவதில்லை. முதல் வாரம் கதவும் மரமும் மின்கம்பியும். அடுத்து ஓடும் செங்கல்லும். கடைசியில் கான்கிரீட்டும் கம்பியும். எந்தக் கட்டத்தில் எந்த இரண்டு, மூன்று குவியல்கள் இருக்கும், அவை மனையின் எந்த மூலையில் நிற்கும், டிப்பர் எந்த வழியாக வந்து திரும்பும் என்று கட்டத்துக்கு ஒரு வரைபடம் போட்டுவிட்டால் இடம் போதும். தொட்டியின் மேல் எழுதிய பெயரைவிட, உள்ளே போட வேண்டிய பொருளின் படமோ ஒரு துண்டோ தொங்குவது நல்லது. மனையில் வேலை செய்பவர்கள் பல மொழிக்காரர்கள்.

கழற்றுவதும் இடிப்பதும்

முன்பகுதியின் மெட்ராஸ் டெரஸ் கூரை, வரிசை எவ்வளவு முக்கியம் என்பதைக் காட்டும் நல்ல பாடம். அந்தக் கூரையில் நெருக்கமாகத் தேக்கு உத்தரங்கள் கிடக்கும். அவற்றின் மேல் மெல்லிய சிறு செங்கற்களைக் குறுக்குச் சாய்வாக, நெட்டுக்குத்தாக நிறுத்திச் சுண்ணாம்புக் காரையால் பிணைத்திருப்பார்கள். அதன் மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்த தளம். எல்லாவற்றுக்கும் மேலே தட்டோடு.

இதை மேலிருந்து கீழாக அவிழ்க்க வேண்டும். முதலில் தட்டோட்டைப் பெயர்த்து அடுக்க வேண்டும், பிறகு ஜல்லித் தளத்தைக் கொத்தி இறக்க வேண்டும், பிறகு செங்கல், கடைசியில்தான் உத்தரம். ஜேசிபி இரண்டு நாளில் அந்தக் கூரையைச் சாய்த்துவிடும். ஆனால் தேக்கு பிளந்து, ஓடு நொறுங்கி, எல்லாம் சேர்ந்து ஒரே மேடாகக் கிடக்கும். கையால் கழற்றினால் இரண்டு மூன்று வாரம் பிடிக்கும்; உத்தரங்கள் முழு நீளத்தில் கிடைக்கும். ஆணிகளைப் பிடுங்கிவிட்டால் பழைய தேக்கை அறுவை மில்லில் கொடுத்துப் புதுக் கதவு நிலைக்கு அறுத்துக்கொள்ளலாம்.

சுவரின் செங்கல்லிலும் இதே வேறுபாடு உண்டு. சுண்ணாம்புக் காரை செங்கல்லை விட மென்மையானது. கரண்டியால் சுரண்டினால் செங்கல் முழுசாகக் கையில் வரும். சிமென்ட் காரை செங்கல்லை விடக் கெட்டி. பிரிக்கப் போனால் காரைக்குப் பதில் செங்கல்தான் உடையும். அதனால் பின்பகுதிச் சுவரிலிருந்து முழுச் செங்கல் எடுப்போம் என்று இலக்கு எழுதுவதில் பொருளில்லை. முன்பகுதிச் சுவரிலிருந்து 80 டன் எடுக்கலாம். செங்கல் மூன்று கிலோ என்று வைத்தால் ஏறக்குறைய 26,700 செங்கல். நட்டுப் பார்த்து, தட்டிப் பார்த்து, மணி போல ஒலிப்பதைத் தனியே அடுக்கினால் சுற்றுச்சுவருக்கும் தோட்டத் திண்ணைக்கும் போகும்.

இலக்கை எப்படி எழுதுவது?

இப்போது 600 டன்னுக்கும் சேரிடம் சொல்லலாம். உருமாறாமல் மீண்டும் பயன்படுவது: செங்கல் 80 டன், மரம் 10 டன், ஆக 90. மனைக்குள்ளேயே தரை நிரப்பவும் தற்காலிகப் பாதை போடவும் செல்லும் உடைசெங்கல் 100. மறுசுழற்சிக்கு வெளியே செல்வது: கான்கிரீட் 180, மீதிச் செங்கல் காரை 200, ஓடும் பீங்கானும் 11, பழைய இரும்பாக விற்கும் கம்பி 9, ஆக 400. கரையான் அரித்த மரம் 2 டன்னும் ஆஸ்பெஸ்டாஸ் முதலிய 8 டன்னுமாகக் கழித்துக்கட்ட வேண்டியது 10. கான்கிரீட்டுக்கும் செங்கல் காரைக்கும் சென்னை மாநகராட்சி பெருங்குடியிலும் கொடுங்கையூரிலும் அமைத்துள்ள இடிபாட்டுச் செயலாக்க ஆலைகள் சேரிடம் ஆகும்.

இந்தத் தொகைகளைச் சுருக்கி, ‘98 விழுக்காடு கழிவு குப்பைமேட்டுக்குப் போகாமல் தடுக்கப்படும்’ என்று ஒரே வரியில் எழுதலாம். கணக்கு சரிதான், ஆனால் அது பலவற்றை மறைக்கிறது. எடையில் கான்கிரீட்டும் செங்கல்லுமே மிகப் பெரும் பங்கு. 12 டன் தேக்கையும் நொறுக்கிக் குப்பையில் போட்டாலும் அந்த 98 விழுக்காடு 97-க்குத்தான் இறங்கும். உருமாறாமல் மறுபயன்பாட்டுக்கு வருவது 15 விழுக்காடு மட்டுமே என்பதும் அந்த வரியில் தெரியாது. ஆகவே இலக்கை வகைவாரியாக எழுத வேண்டும்: மரத்தில் இத்தனை, செங்கல்லில் இத்தனை என்று. மறுபயன்பாடு, நிரப்புதல், மறுசுழற்சி, கழித்துக்கட்டுதல் என்று நான்கு பத்திகளாகவும் பிரிக்க வேண்டும்.

இன்னொரு பொறி மண். வாகன நிறுத்தத்துக்காக 700 சதுர மீட்டரில் மூன்று மீட்டர் ஆழம் தோண்டினால் 2,100 கன மீட்டர் மண் வரும். அது ஏறக்குறைய 3,570 டன். அதை வேறு மனைக்கு நிரப்பக் கொடுத்துவிடுவது எளிது. இந்த மண்ணையும் கணக்கில் சேர்த்தால் மொத்தம் 4,170 டன். இடிபாட்டில் பாதியை, அதாவது 300 டன்னை, ஏரிக்கரையில் கொட்டியிருந்தாலும் ‘93 விழுக்காடு’ என்று காட்டிவிடலாம். பசுமைக் கட்டடச் சான்று தரும் லீட் முறை, தோண்டிய மண்ணைக் கழிவுக் கணக்கில் சேர்க்கக் கூடாது என்று சொல்வது இதனால்தான். மண்ணுக்கும் பதிவு வேண்டும், ஆனால் தனிப் பக்கத்தில்.

கட்டுமானக் கட்டத்துக்கோ விழுக்காட்டு இலக்கே பொருந்தாது. வீணாக்குவதை இரட்டிப்பாக்கி அதில் முக்காலை மறுசுழற்சிக்கு அனுப்பினாலும் ‘75 விழுக்காடு’ கிடைத்துவிடும். அங்கே சரியான அளவுகோல், சதுர மீட்டருக்கு எத்தனை கிலோ என்பதே. வழக்கமான 50 கிலோவை 35 ஆக்குவது என்று வைத்தால், 4,000 சதுர மீட்டருக்கு 200 டன் 140 ஆகும். அந்த 60 டன் பிறக்கவே இல்லை.

அது எப்படி நடக்கும் என்பதைக் கம்பி வெட்டும் இடத்தில் பார்க்கலாம். கம்பி 12 மீட்டர் நீளத்தில் வருகிறது. பில்லருக்கு 4.5 மீட்டர் துண்டுகள் வேண்டும் என்றால், ஒரு கம்பியில் இரண்டு வெட்டியபின் மூன்று மீட்டர் மிஞ்சும். அன்றன்றைய தேவைக்கு மட்டும் வெட்டுகிறவர் அந்த மூன்று மீட்டரை மூலையில் போடுவார். மாதக் கடைசியில் அது காயலான் கடைக்குப் போகும். அந்த மாடியின் கம்பிப் பட்டியலை முழுதாக முன்னே வைத்துக்கொண்டு வெட்டுகிறவர், மூன்று மீட்டரில் லிண்டல் கம்பி எடுத்து, அதிலும் மிஞ்சுகிற முழத் துண்டுகளைத் தளக் கம்பியைத் தாங்கும் ‘சேர்’ ஆக வளைத்துவிடுவார்.

கலவையிலும் இப்படியே. ரெடிமிக்ஸ் வண்டியில் அரைக் கன மீட்டர் மிஞ்சினால் அது 1.2 டன். கவர் பிளாக், குழிமூடி ஆகியவற்றுக்கான அச்சுகள் தயாராக இருந்தால் அங்கே ஊற்றலாம். இல்லாவிட்டால் மனையின் ஓரத்தில் கொட்டப்பட்டு மறுநாள் பாறையாகக் கிடக்கும். பூச்சு வேலையில் சுவரடியில் தார்ப்பாய் விரித்தால், சிந்திய கலவையை இறுகும் முன் எடுத்து மீண்டும் பூசலாம். விரிக்காவிட்டால் அது மண்ணோடு சேர்ந்து குப்பையாகும்.

லோடுக்கு ஒரு சீட்டு

பதிவேட்டின் அலகு லோடு. அதன் அளவு எடை. ‘மூன்று யூனிட் ரப்பிஷ்’ என்று எழுதுவது பதிவாகாது. ஒரு யூனிட் 100 கன அடி. மூன்று யூனிட் சுமார் எட்டரைக் கன மீட்டர். உடைத்த கான்கிரீட் என்றால் அது 12 டன் இருக்கும். லேசான உடைசெங்கல் என்றால் 10 டன்தான். மழையில் நனைந்த காரை என்றால் இரண்டையும் தாண்டும். அதனால் ஒவ்வொரு வண்டியும் எடைமேடை ஏற வேண்டும்.

வாயிலில் வரிசை எண் அச்சிட்ட சீட்டுப் புத்தகம் ஒன்று போதும். தேதி, வண்டி எண், கழிவின் வகை, சேரிடம், வெளியேறிய நேரம் ஆகியவற்றை எழுதி, ஒரு படியை ஓட்டுநரிடம் கொடுத்து, அடிக்கட்டையை வைத்துக்கொள்ள வேண்டும். ஓட்டுநர் சேரிடத்தில் முழு எடை, வெற்று எடை, நிகர எடை உள்ள எடைச்சீட்டை வாங்கி வந்து ஒப்படைக்க வேண்டும். அடிக்கட்டையோடு அதைச் சேர்த்துக் குத்தினால்தான் அந்த லோடு கணக்கில் முடிந்தது. செங்கல், மரம், இரும்பு விற்றாலும் இதே முறைதான். அங்கே எடைச்சீட்டோடு விற்பனை ரசீதும் சேரும்.

மாதக் கடைசியில் செய்யும் ஒப்பீடுதான் இந்தக் காகிதங்களுக்கு உயிர் தருகிறது. மாதிரி மனையில் கான்கிரீட் பக்கத்தைப் பார்ப்போம். அளந்து மதிப்பிட்டது 180 டன். மனையில் மிச்சம் எதுவும் இல்லை. வாயில் புத்தகத்தில் 15 அடிக்கட்டைகள். ஆலையின் எடைச்சீட்டுகள் 12. அவற்றின் கூட்டுத்தொகை 144 டன். வாயில் வரை கணக்கு பொருந்துகிறது. 15 லோடு, லோடுக்கு 12 டன், மொத்தம் 180. ஆக, மூன்று லோடு, 36 டன், வாயிலுக்கும் ஆலைக்கும் நடுவில் காணாமல் போயிருக்கிறது. யாரோ பள்ளமான மனையை நிரப்பக் கேட்டிருக்கலாம். ஆலை தூரம் என்று ஓட்டுநர் ஏரிக்கரையில் கொட்டியிருக்கலாம். எந்தத் தேதி, எந்த வண்டி என்பதை அடிக்கட்டை எண் சொல்லிவிடும். மதிப்பீடு, வாயில், சேரிடம் என்ற மூன்று எண்களில் வாயில் எண் இல்லாமல் மற்ற இரண்டு மட்டும் இருந்திருந்தால், குறை தெரிந்திருந்தாலும் இடம் தெரிந்திருக்காது. இங்கிலாந்தில் 2008-இல் வந்து 2013 இறுதியில் நீக்கப்பட்ட மனைக் கழிவுத் திட்ட விதிகளிலும், பெரிய வேலைகள் முடிந்தபின் மதிப்பீட்டையும் உண்மை அளவையும் ஒப்பிட்டு, விலகலுக்கு விளக்கம் எழுத வேண்டும் என்ற விதி இருந்தது.

சீட்டு இருந்தால் மட்டும் உண்மை என்று ஆகிவிடாது. பொய்ச் சீட்டைக் காட்டிக்கொடுக்கும் அடையாளங்கள் சில உண்டு. டீசல் தொட்டியின் அளவும் ஒட்டிய சேறும் மாறுவதால், ஒரே டிப்பரின் வெற்று எடைகூட நாளுக்கு நாள் பத்து இருபது கிலோ வேறுபடும். பன்னிரண்டு சீட்டிலும் அதே வெற்று எடை அச்சாகியிருந்தால் வண்டி எடைமேடை ஏறவே இல்லை. நிகர எடை எப்போதும் வட்டமாக 12,000 கிலோ என்றே வந்தாலும் அப்படியே. வாயிலில் பத்து மணிக்குப் புறப்பட்ட வண்டிக்கு, ஒரு மணி நேரப் பாதைக்கு அப்பாலுள்ள ஆலையில் பத்தேகாலுக்கு எடை போட்டிருந்தால், நேரமே சாட்சி. மழை பெய்த வாரத்திலும் லோடின் எடை கூடாமல் இருந்தால் அதையும் கேட்க வேண்டும்.

ஒப்பந்தத்தில் உள்ள ஓட்டை

காணாமல் போகும் லோடுகளுக்கு வேர், பெரும்பாலும் ஓட்டுநரிடம் இல்லை, ஒப்பந்தத்தில் இருக்கிறது. இடிப்பு வேலையில் ரேட் பேசுவது பழைய சாமானின் மதிப்பை வைத்து. தேக்கு, கம்பி, ஜன்னல், செம்பு ஒயர் ஆகியவை தேறும் வீட்டுக்கு இடிப்பு ஒப்பந்தக்காரரே உரிமையாளருக்குப் பணம் கொடுத்துவிட்டு இடிப்பதும் உண்டு. விலைபோகும் சாமான் அனைத்தும் அவருக்கு. விலைபோகாத இடிபாட்டை அகற்றும் செலவும் அவருடையதே. இந்த ஏற்பாட்டில், இடிபாடு எவ்வளவு அருகில் கொட்டப்படுகிறதோ அவ்வளவு லாபம். பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தின் ஓரங்களிலும் ஏரிக்கரைகளிலும் சாலையோரங்களிலும் இரவில் முளைக்கும் மேடுகளுக்கு இந்தக் கணக்கே காரணம்.

ஆகவே இடிபாட்டை அகற்றும் தொகையைச் சாமான் மதிப்போடு கலக்காமல் தனி வரியாக எழுத வேண்டும். டன்னுக்கு இவ்வளவு என்று ரேட் வைத்து, ஆலையின் எடைச்சீட்டோடு வாயில் அடிக்கட்டை பொருந்திய லோடுக்கு மட்டும் பணம் தர வேண்டும். அப்போது ஏரிக்கரையில் கொட்டிய லோடு ஒப்பந்தக்காரருக்கு மிச்சம் அல்ல, நட்டம். கையால் கழற்றும் வேலைக்கான கூடுதல் வாரங்களையும் காலக்கெடுவில் முதலிலேயே சேர்க்க வேண்டும். சேர்க்காவிட்டால், பத்தாம் நாளே ஜேசிபி மெட்ராஸ் டெரஸின் மேல் ஏறிவிடும், செங்கல் இலக்கும் தேக்கு இலக்கும் அன்றோடு முடிந்துவிடும்.

வேறு தவறுகளும் இந்தக் கட்டத்திலேயே நுழைகின்றன. மாடியிலிருந்து குப்பை இறக்கும் குழாய் ஒன்றுதான் இருக்கும். அதில் காலையில் உடைசெங்கல்லும் மதியம் ஜிப்சமும் போனால் கீழே தொட்டி எத்தனை இருந்தும் பயனில்லை. எந்த நாளில் எந்த வகை இறங்கும் என்று மேஸ்திரி முதல்நாளே சொல்ல வேண்டும். டைல்ஸ் போடுபவர், மின்வேலைக்காரர், தச்சர் எனத் துணை ஒப்பந்தக்காரர்கள் தங்கள் கழிவைத் தாங்களே பிரித்துக் கொண்டுவர வேண்டும் என்பதும் அவரவர் ஒப்பந்தத்தில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் எல்லாம் ‘இதர’ என்ற தொட்டியில் விழும். வாரா வாரம் அந்த ‘இதர’ பத்தி வளர்ந்துகொண்டே போனால், பிரிப்பது மனையில் நின்றுவிட்டது என்பதற்கு அதுவே முதல் அறிகுறி.

கணக்கு முடிப்பது

வேலை முடிந்தபின் திட்டத்தின் கடைசிப் பக்கம் எழுதப்படுகிறது. ஒவ்வொரு வகைக்கும் மதிப்பீடு, வாயிலைத் தாண்டியது, சேரிடத்தில் எடைபோட்டது, மறுபயன்பாடு, நிரப்புதல், மறுசுழற்சி, கழித்துக்கட்டியது என்ற ஏழு எண்கள். ஆலைக்குப் போனது முழுதும் ஜல்லியாகிவிடுவதில்லை. அங்கும் மண்ணும் மட்கும் பொருளும் கழித்து ஒதுக்கப்படும். அந்தக் கழிவின் விகிதத்தை ஆலையிடம் எழுத்தில் வாங்கி மறுசுழற்சி எண்ணிலிருந்து குறைத்துக் காட்டுவதே நேர்மையான கணக்கு. ஆஸ்பெஸ்டாஸுக்கு உரிமம் பெற்ற இடத்தின் ஏற்புச் சான்று தனியே இணைகிறது. மண்ணுக்குத் தனிப் பக்கம்.

ஒரு படி உள்ளாட்சி அமைப்புக்குப் போகிறது. மற்றொரு படி கட்டுமான நிறுவனத்தின் மதிப்பீட்டாளர் மேசையில் தங்க வேண்டும். சுண்ணாம்புச் சுவரிலிருந்து 80 டன் செங்கல் வரும் என்று எழுதிய இடத்தில் 65 மட்டுமே வந்திருந்தால், அடுத்த பழைய வீட்டுக்கு 65-ஐ வைத்தே மதிப்பிட வேண்டும். பொது அளவுகோலான 50 கிலோவுக்குப் பதில் இந்த மனையில் உண்மையில் வந்த கிலோவையே அடுத்த கட்டடத்தின் தொடக்க எண்ணாக வைக்க வேண்டும்.